காவலர் பில்லில் இல்லாத வரியை யார் கணக்கில் எழுதுவது?

கேள்வி: ஐயா, திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பேட்டையில் உள்ள எங்கள் குடோனுக்கு ஏப்ரல் முதல் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி காவலரை அனுப்புகிறது. மாதக் கடைசியில் 30,000 ரூபாய்க்கு பில் வரும். வரி போட மாட்டார்கள், கீழே ‘ரிவர்ஸ் சார்ஜ்: ஆம்’ என்று மட்டும் இருக்கும். எங்கள் கணக்கர் 18 சதவீதம் சேர்த்து 35,400 என்று ஏஜென்சி பெயரில் எழுதுகிறார். மறுமாதம் 8ஆம் தேதி நான் கொடுப்பது 30,000 மட்டும். அக்டோபர் பில் வரை கொடுத்தாயிற்று. இப்போது அவர்களுக்கு 37,800 பாக்கி என்று கணக்கு காட்டுகிறது. அவர்களோ ஒரு பாக்கியும் இல்லை என்கிறார்கள். ரிட்டர்னில் இந்த வரியைக் கட்டவும் இல்லை, இன்புட் எடுக்கவும் இல்லை. எங்களிடம் கொள்முதலில் கட்டிய வரிக்கான இன்புட் நிறைய இருக்கிறது. அதில் கழித்துக்கொள்ளலாமா? எப்படிப் பதிய வேண்டும்?

பதில்: ஏஜென்சி சொல்வதே சரி. உங்கள் ஏட்டில் அவர்கள் பெயரில் நிற்கும் 37,800 ரூபாய் அவர்களுக்கு உரியதன்று. அரசுக்கு நீங்கள் கட்ட வேண்டியது. வரியைக் கணக்கிட்டதில் உங்கள் கணக்கர் பிழை செய்யவில்லை. யாருக்குக் கடன் என்பதில்தான் பிழை நேர்ந்திருக்கிறது. சாதாரணக் கொள்முதலில் சரக்கு விலையும் வரியும் ஒரே ஆளுக்குப் போய்ச் சேருவதால் இரண்டையும் கூட்டி அவர் பெயரில் வரவு வைக்கிறோம். சேவை பெறுபவரே அரசுக்கு வரி கட்டும் ரிவர்ஸ் சார்ஜில் ஒரே பில்லிலிருந்து இரண்டு கடன்கள் பிறக்கின்றன. கூலி ஏஜென்சிக்கும் வரி அரசுக்கும் போக வேண்டும் என்பதால், இரண்டுக்கும் தனித்தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும்.

திருத்தம் எழுதுவதற்கு முன்னால், உங்கள் பில் உண்மையிலேயே இந்த விதிக்குள் வருகிறதா என்பதை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். காவலர்களை அனுப்பும் சேவைக்கு 2019 ஜனவரி 1 முதல் ரிவர்ஸ் சார்ஜ் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அனுப்புபவர் தனிநபராகவோ பங்குதாரர் நிறுவனமாகவோ இருக்க வேண்டும். கம்பெனியாக இருக்கக் கூடாது. பெறுபவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராகவும், இணக்க வரித் திட்டமாகிய காம்போசிஷனில் இல்லாதவராகவும் இருக்க வேண்டும். நீங்கள் இன்புட் வைத்திருப்பதாக எழுதியிருப்பதிலிருந்தே காம்போசிஷனில் இல்லை என்பது தெரிகிறது. ஏஜென்சியின் தன்மையை அறிய, பில்லின் தலைப்பில் உள்ள அவர்களுடைய ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் தமிழ்நாட்டுக்குரிய 33. அதை அடுத்து வரும் பத்து எழுத்துகள் அவர்களுடைய பான் எண். மொத்த எண்ணில் ஆறாவதாக நிற்கும் எழுத்து P என்றால் தனிநபர், F என்றால் பங்குதாரர் நிறுவனம், C என்றால் கம்பெனி. C இருந்து, ரிவர்ஸ் சார்ஜ் என்றும் எழுதியிருந்தால், அந்த பில்லைத் திருப்பி அனுப்பி விளக்கம் கேட்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். குடோனைக் கூட்டிப் பெருக்கும் ஆளையும் அதே ஏஜென்சி அனுப்பினால், அவருடைய கூலிக்கு இந்த விதி பொருந்தாது. அதற்கு ஏஜென்சியே வரி போட்டு வாங்க வேண்டும் என்பதால் அதைத் தனி பில்லாகக் கேட்டு வாங்குவது நல்லது.

இனிப் பதிவுக்கு வருவோம். ஜூலை மாத பில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் முழுப் பயணத்தையும் பார்த்தால் மற்ற மாதங்களுக்கும் அதுவே வழியாகும். ஜூலை 31 தேதியிட்ட பில் வந்ததும், காவல் செலவுக் கணக்கில் 30,000 பற்று, ஏஜென்சி கணக்கில் 30,000 வரவு. அந்தத் தேதியில் ஏஜென்சி கணக்கில் வரி ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது. கணினி மென்பொருளில் எழுதும்போது, செலவுக் கணக்கை ரிவர்ஸ் சார்ஜுக்கு உரியது என்று ஒருமுறை குறித்துவிட்டால், மென்பொருள் வரியைத் தனியே கணித்து வைத்துக்கொண்டு ஏஜென்சிக்குரிய தொகையை 30,000 ஆகவே விடும். அப்படி விடுகிறதா என்பதை முதல் பதிவிலேயே திரையில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். 35,400 என்று தெரிந்தால், கணக்கர் அதைச் சாதாரணக் கொள்முதலாகத்தான் எழுதியிருக்கிறார்.

ஆகஸ்ட் 8 அன்று பணம் கொடுக்கும்போது ஏஜென்சி கணக்கில் 30,000 பற்று, வங்கிக் கணக்கில் 30,000 வரவு. அத்துடன் அவர்கள் கணக்கு முடிந்துவிடும். உங்கள் விற்றுமுதலைப் பொறுத்து ஒப்பந்தக் கூலியில் வருமான வரி பிடிக்கும் கடமை உங்களுக்கு இருந்தால், பிடித்தத்தை 30,000 ரூபாய்க்குத்தான் கணக்கிட வேண்டும். நீங்கள் தனியே கட்டும் ஜி.எஸ்.டி. ஏஜென்சியின் வருமானம் ஆகாது. ஏஜென்சி தனிநபருடையதானால் பிடித்தம் 1 சதவீதம், அதாவது 300 ரூபாய்.

வரிக் கடன் எந்த நாளில் பிறக்கிறது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சேவைகளைப் பொறுத்தவரை, ரிவர்ஸ் சார்ஜில் வரி கட்டும் பொறுப்பு பில் தேதியில் பிறப்பதில்லை. பணம் கொடுத்த நாள், பில் தேதியிலிருந்து 60 நாள் கழிந்த மறுநாள் ஆகிய இரண்டில் எது முந்தியதோ அந்த நாளில் பிறக்கிறது. பணம் கொடுத்த நாள் என்பதும் உங்கள் ஏட்டில் எழுதிய நாள், வங்கியில் கழிந்த நாள் ஆகிய இரண்டில் முந்தியதே. எனவே ஆகஸ்ட் 30 அன்று காசோலை எழுதிப் பதிந்துவிட்டு, அது செப்டம்பர் 2 அன்று வங்கியில் கழிந்தாலும், வரி ஆகஸ்ட் கணக்கில்தான் சேரும். நம் ஜூலை பில்லுக்கு ஆகஸ்ட் 8 அன்று பணம் கொடுத்ததால், அன்றே வரிக் கடன் பிறக்கிறது. ஆகஸ்ட் மாத ரிட்டர்னில் காட்டி, செப்டம்பர் 20க்குள் கட்ட வேண்டும். பணம் கொடுக்காமல் இழுத்திருந்தால் செப்டம்பர் 29 அன்று 60 நாள் நிறைந்து, செப்டம்பர் 30 அன்று கடன் பிறந்திருக்கும். ஏஜென்சிக்குப் பணம் தராததால் வரியும் தள்ளிப்போகும் என்று எண்ணுபவர்கள் இந்த 60 நாளை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே ஆகஸ்ட் 8 தேதியில் ஒரு ஜர்னல் எழுத வேண்டும். ‘ரிவர்ஸ் சார்ஜ் இன்புட், எடுக்க வேண்டியது’ என்ற தலைப்பில் சி.ஜி.எஸ்.டி. 2,700, எஸ்.ஜி.எஸ்.டி. 2,700 பற்று, ‘ரிவர்ஸ் சார்ஜ் வரி, கட்ட வேண்டியது’ என்ற தலைப்பில் அதே இரு தொகைகளும் வரவு. உங்கள் வழக்கமான இன்புட் கணக்கில் இதை நேரடியாகச் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. வரியைக் கட்டினால்தான் இந்த இன்புட் உங்களுக்கு உரிமையாகும். கட்டுவதற்கு முன்பே வழக்கமான இன்புட்டுடன் கலந்துவிட்டால், அடுத்த மாதம் ரிட்டர்ன் போடுபவர் பேரேட்டு இருப்பைப் பார்த்து அதையும் எடுத்துவிடுவார். தனித் தலைப்பில் நின்றால் அதைத் தொடுவதற்கு முன் காரணம் கேட்பார்.

இங்கே உங்கள் கணக்கரைக் குழப்பக்கூடிய ஒன்று இருக்கிறது. ஏஜென்சி தன்னுடைய ஜூலை மாத விற்பனை விவரத்தில் இந்த பில்லைக் காட்டுவதால், அது, உங்களுக்கு வந்த பில்களைப் பட்டியலிடும் ஜூலை மாத GSTR-2B-யில் வந்துவிடும், ரிவர்ஸ் சார்ஜுக்கு உரிய தனிப் பகுதியில் நிற்கும். ஆனால் நீங்கள் வரி கட்ட வேண்டியதோ ஆகஸ்ட் ரிட்டர்னில். இந்த ஒரு மாத இடைவெளி பிழையன்று. பணம் மறுமாதம் கொடுக்கும் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். GSTR-2B-யில் தெரிகிறது என்பதற்காக ஜூலை ரிட்டர்னிலேயே இன்புட் எடுப்பதுதான் பிழை. அந்தப் பகுதியை, வரி கட்ட வேண்டிய பில்கள் எவை என்று நினைவூட்டும் பட்டியலாக மட்டும் கொள்ளுங்கள்.

கையிருப்பு இன்புட்டில் கழிக்கலாமா என்ற கேள்விக்கு, முடியாது என்பதே பதில். கையிலுள்ள இன்புட்டைக் கொண்டு விற்பனை வரியை மட்டுமே கழிக்கலாம் என்கிறது சட்டம். ‘விற்பனை வரி’ என்பதற்கு அது தரும் வரையறை ரிவர்ஸ் சார்ஜ் வரியை வெளிப்படையாக நீக்கிவிடுகிறது. ஆகவே லட்சக்கணக்கில் இன்புட் இருந்தாலும், இந்த 5,400 ரூபாய்க்குச் சலான் போட்டு, மின்னணு ரொக்கப் பேரேட்டில் பணம் சேர்த்து, அதிலிருந்துதான் கட்ட வேண்டும். மாத ரிட்டர்னாகிய GSTR-3B-யின் 6.1 அட்டவணையில் ரிவர்ஸ் சார்ஜுக்கென்று தனி வரிசை இருக்கும். அதில் இன்புட்டிலிருந்து கழிக்கும் கட்டங்கள் உங்களுக்குத் திறந்திருக்காது. வியாபாரத்தில் ரொக்கம் இறுகும் மாதங்களில் இது கனமாகத் தோன்றும் என்பதை அறிவேன். ஆனால் அந்தப் பணம் வெளியே போய்விடுவதில்லை. ஆகஸ்ட் ரிட்டர்னில் 3.1(d) வரிசையில் 30,000 மதிப்பையும் 5,400 வரியையும் காட்டி ரொக்கத்தில் கட்டும்போதே, அதே ரிட்டர்னில் 4(A)(3) வரிசையில் அந்த 5,400 ரூபாயை இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் வரிக்குரிய பாத்திரங்களை மட்டுமே விற்பதால் முழுத்தொகையும் கிடைக்கும். அதே குடோனில் பொட்டலமிடாத அரிசி போன்ற வரிவிலக்குச் சரக்கையும் வைத்து விற்பவர்கள், அந்தப் பங்குக்குரிய இன்புட்டைத் திருப்பிவிட வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 20 அன்று வரி கட்டியதும் இரண்டு பதிவுகள் எழுதுங்கள். ‘கட்ட வேண்டியது’ கணக்கில் 5,400 பற்று, மின்னணு ரொக்கப் பேரேட்டுக் கணக்கில் 5,400 வரவு. பிறகு உங்கள் வழக்கமான சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. இன்புட் கணக்குகளில் தலா 2,700 பற்று, ‘எடுக்க வேண்டியது’ கணக்கில் 5,400 வரவு. இப்போது ஜூலை பில்லுக்காகத் திறந்த எல்லாத் தலைப்புகளும் முடிந்து, செலவில் 30,000 ரூபாயும் வழக்கமான இன்புட்டில் 5,400 ரூபாயும் மட்டும் நிற்கும்.

கடந்த மாதங்களைச் சரிசெய்ய, ஒவ்வொரு பில்லையும் அழித்து எழுத வேண்டியதில்லை. ஒரே ஜர்னலில் ஏஜென்சி கணக்கில் 37,800 பற்று வைத்து, ‘கட்ட வேண்டியது’ கணக்கில் சி.ஜி.எஸ்.டி. 18,900, எஸ்.ஜி.எஸ்.டி. 18,900 வரவு வையுங்கள். ஏற்கெனவே கணக்கர் இன்புட் கணக்கில் பற்று வைத்திருக்கும் 37,800 ரூபாயை ‘எடுக்க வேண்டியது’ தலைப்புக்கு மாற்றுங்கள். ஜர்னலின் குறிப்பில் ஏழு பில்களின் எண்ணையும் தேதியையும் எழுதி வைத்தால், பின்னாளில் தணிக்கைக்கு வருபவருக்கு விளங்கும். அதன்பின் ஏஜென்சி கணக்கு சுழியத்துக்கு வந்து, அவர்கள் சொன்னதோடு ஒத்துப்போகும்.

தாக்கல் செய்த GSTR-3B-யைத் திருத்த முடியாது என்பதால், விடுபட்ட வரியை அடுத்த ரிட்டர்னில்தான் சேர்க்க வேண்டும். உங்கள் ஏழு பில்களில் அக்டோபர் பில்லுக்கு நவம்பர் 8 அன்று பணம் கொடுத்திருப்பதால், அது இயல்பாகவே நவம்பர் ரிட்டர்னுக்கு உரியது. அதற்குத் தாமதம் ஏதுமில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு பில்களின் 32,400 ரூபாய் தாமதமானது. எல்லாவற்றையும் நவம்பர் ரிட்டர்னில் 3.1(d) வரிசையில் சேர்த்து, 37,800 ரூபாயை ரொக்கத்தில் கட்டுங்கள். அதே ரிட்டர்னில் 4(A)(3) வரிசையில் அதே தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். தாமதமான ஆறுக்கும் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி உண்டு. ஒவ்வொரு பில்லுக்கும் அதனதன் கெடு நாளிலிருந்து தனித்தனியே எண்ண வேண்டும். ஜூலை பில்லின் கெடு செப்டம்பர் 20. டிசம்பர் 20 அன்று கட்டினால் 91 நாள். 5,400 ரூபாய்க்கு 91 நாள் வட்டி சுமார் 242 ரூபாய். வட்டிக்கு இன்புட் கிடையாது. அது உங்கள் கையைவிட்டுப் போகும் செலவு. டிசம்பர் 20 வரை காத்திருக்காமல் மாதம் பிறந்ததும் ரிட்டர்ன் போட்டுக் கட்டினால், அந்த அளவுக்கு நாள்களும் வட்டியும் குறையும்.

பில் வரியில்லாமல் வந்தாலும் அது வரிப் பட்டியல்தான், ஏனென்றால் ஏஜென்சி பதிவு பெற்றது. எனவே உங்கள் இன்புட்டுக்கு அந்த பில்லே ஆவணமாகும். நீங்களே உங்களுக்கு பில் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. பதிவு பெறாத ஒருவரிடமிருந்து இத்தகைய சேவையைப் பெற்றால்தான் சுய பில் எழுத வேண்டும். அதையும் சேவை பெற்ற 30 நாளுக்குள் எழுதிவிட வேண்டும். ஆனால் பணம் கொடுக்கும்போது கொடுப்புச் சீட்டு ஒன்றை நீங்கள் எழுத வேண்டும் என்பது பதிவு பெற்ற ஏஜென்சிக்கும் பொருந்தும். பெரும்பாலான கடைகளில் இதை யாரும் எழுதுவதில்லை, நீங்கள் எழுதுங்கள். இரு தரப்பின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், சீட்டு எண், தேதி, சேவை விவரம், கொடுத்த தொகை, வரி வீதம், வரித் தொகை, சேவை பெற்ற மாநிலம், கையொப்பம் ஆகியவை இருந்தால் போதும். பணம் கொடுத்த தேதிக்கு அதுவே சான்றாவதால், எந்த மாத ரிட்டர்னில் வரி வர வேண்டும் என்ற கேள்வி எழும்போது எடுத்துக் காட்டலாம்.

மார்ச் மாத பில்லில் மட்டும் சற்றுக் கூடுதல் கவனம் தேவை. அதன் செலவு மார்ச்சில் எழுதப்பட்டு அந்த நிதியாண்டிலேயே நிற்கும். ஆனால் பணம் ஏப்ரல் 8 அன்று கொடுக்கப்படுவதால் வரி அடுத்த நிதியாண்டின் முதல் ரிட்டர்னில் வரும். மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்பில் ‘கட்ட வேண்டியது’ தலைப்பில் மார்ச் பில்லின் வரி தெரியவில்லை என்று யாரேனும் கேட்டால், கடன் இன்னும் பிறக்கவில்லை என்பதே விடை. இன்புட் எடுக்கும் கெடு மட்டும் பில் தேதியின் நிதியாண்டைப் பின்பற்றும். அந்த ஆண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் போட்ட நாள், இவற்றில் முந்தியதைத் தாண்டினால் வரியைக் கட்டியும் இன்புட் கிடைக்காமல் போகும். ஒன்றிரண்டு மாதம் விடுபட்டால் வட்டியோடு போகும். இந்தக் கெடு தாண்டினால் வரியே செலவாகிவிடும்.

ஒவ்வொரு மாதமும் ரிட்டர்ன் போட்டபின் மூன்று இடங்களை மட்டும் பாருங்கள். ஏஜென்சி கணக்கில் கொடுக்காத பில் தொகை தவிர வேறெதுவும் நிற்கக் கூடாது. 5,400 அல்லது அதன் மடங்கு நின்றால் பழைய பிழை திரும்பியிருக்கிறது. ‘கட்ட வேண்டியது’ தலைப்பும் ‘எடுக்க வேண்டியது’ தலைப்பும் ஒரே தொகையாக இருக்க வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் கட்டாமல் எடுத்திருக்கிறீர்கள், அல்லது கட்டிவிட்டு எடுக்க மறந்திருக்கிறீர்கள். மூன்றாவதாக, ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பேரேடுகள் பகுதியில் RCM Liability/ITC Statement என்று ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் 3.1(d)-யில் கட்டியதையும் 4(A)-யில் ரிவர்ஸ் சார்ஜுக்காக எடுத்ததையும் அது மாதாமாதம் ஒப்பிட்டு வைக்கிறது. கட்டியதைவிட அதிகமாக எடுத்தால் அதில் எதிர்மறை இருப்பு தெரியும்; அதிகாரியின் கண்ணில் அது படுவதற்கு முன் உங்கள் கண்ணில் பட வேண்டும்.

ஏஜென்சி என்றேனும் மறந்து பில்லில் வரியும் சேர்த்து 35,400 கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் அந்தத் தொகையை வாங்கி அரசுக்கே கட்டினாலும், சட்டம் உங்கள் மேல் வைத்த கடமை அதனால் தீராது. ஒரே சேவைக்கு இரண்டு முறை வரி கட்டிய நிலையில் நீங்கள் நிற்பீர்கள். கிரெடிட் நோட் கொடுத்து பில்லைத் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். மாறாக, அவர்கள் தொழிலைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றிக்கொண்டால் புதிய ஜி.எஸ்.டி. எண்ணில் ஆறாவது எழுத்து C ஆகிவிடும். அந்தக் கம்பெனி செய்யும் காவல் பணிக்கு அவர்கள் வரி போட்டே பில் அனுப்ப வேண்டும், நீங்களும் 35,400 ரூபாயை அவர்கள் கணக்கிலேயே வரவு வைத்து முழுவதையும் கொடுக்க வேண்டும். கணக்கர் அந்த மாதம் செலவுக் கணக்கின் ரிவர்ஸ் சார்ஜ் குறியை எடுத்துவிட வேண்டும்.

இதே கோப்பைத் திறந்திருக்கும்போது லாரி வாடகை பில்களையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியூர்களிலிருந்து பாத்திரம் ஏற்றி வரும் லாரி சர்வீஸ், சரக்குச் சீட்டு கொடுத்து, வரி போடாமல் வாடகை மட்டும் வாங்கியிருந்தால், அந்த வாடகைக்கும் 5 சதவீத வரியை நீங்கள்தான் ரிவர்ஸ் சார்ஜில் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்க்குள் உள்ள வாடகைக்கு முன்பு இருந்த விலக்கு 2022 ஜூலை 18 முதல் இல்லை. பதிவு முறையும், ரொக்கத்தில் கட்டுவதும், இன்புட் எடுப்பதும் மேலே சொன்னபடியேதான். லாரி சர்வீஸ் தானே வரி கட்டுவதாகத் தேர்ந்தெடுத்திருந்தால், பில்லிலேயே அந்த உறுதிமொழியும் வரியும் இருக்கும். அப்போது நீங்கள் கட்ட வேண்டியதில்லை. இந்த ஆண்டு பில்களில் விடுபட்டவை இருந்தால் அவற்றையும் நவம்பர் ரிட்டர்னிலேயே சேர்த்துவிடுங்கள்.